'நோட்டட் சார்' போட்ட பிறகு

கேள்வி

பி.காம். முடித்துவிட்டு, பாரிமுனையில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கை அனுப்பிக் கொடுக்கிற ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் டாக்குமென்டேஷன் டெஸ்க்கில் ஆறு மாத இன்டர்னாகச் சேர்ந்திருக்கிறேன். ஐந்து வாரம் ஆகிறது. போன வியாழக்கிழமை மாலை 4.35க்கு ஒரு கஸ்டமரிடமிருந்து மெயில் வந்தது. டிராஃப்ட் பி.எல்.லில், அதாவது கப்பல் சரக்குக்கான ரசீது ஆவணத்தின் வரைவில், சரக்கைப் பெறுபவரான கன்சைனியின் முகவரியில் கதவு எண் 14 என்று இருக்கிறது, 41 என்று மாற்ற வேண்டும் என்றார். இரண்டே நிமிஷத்தில் 'நோட்டட் சார்' என்று பதில் போட்டேன். சீனியர் அண்ணா போர்ட்டுக்குப் போயிருந்தார். 4.40க்கு அவருக்கு வாட்ஸ்அப்பில் 'அண்ணா, ஒரு டவுட்' என்று அனுப்பினேன். அவர் பார்த்தபோது மணி 7.10. திருத்தத்துக்கான கட்-ஆஃப் 6 மணிக்கே முடிந்துவிட்டது.

மறுநாள் கஸ்டமர் எங்கள் ஆபீஸில் எல்லாரையும் சேர்த்துக் கோபமாக மெயில் போட்டார். மேனேஜர் சாட்டில் 'கால் மீ.' என்று மட்டும் அனுப்பினார், புள்ளி வைத்து. அழைத்தேன். 'திங்கட்கிழமை வந்து பேசு' என்று வைத்துவிட்டார். பயத்தில் அன்று இரவு 11.40க்கு வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய மன்னிப்பு எழுதினேன். அந்தக் குரூப்பில் கஸ்டமரும் இருக்கிறார் என்பது காலையில்தான் உறைத்தது, அழித்துவிட்டேன்.

நான் தண்டையார்பேட்டையில் தமிழ் மீடியத்தில் படித்தவள். என் இங்கிலீஷ்தான் பிரச்சினையா? ஞாயிற்றுக்கிழமையும் குரூப்பில் மெசேஜ் வருகிறது, பதில் போட்டே ஆக வேண்டுமா? வேறு டீமில் ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் 'சாப்டாச்சா', 'தூங்கலையா' என்று அனுப்புகிறார். பதில் போடாவிட்டால் திமிர் என்று நினைப்பார்களோ என்று அதற்கும் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இங்கிலீஷுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. 'நோட்டட் சார்' என்பதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அதையே பிசிறில்லாத ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதியிருந்தாலும் அந்தத் திருத்தம் தவறித்தான் போயிருக்கும். சொல்லப்போனால் இங்கே கெடுதல் செய்தது உங்கள் வேகம். நீங்கள் பதிலே போடாமல் இருந்திருந்தால், அந்தக் கஸ்டமர் 5 மணிக்கு ஆபீஸுக்கு ஒரு போன் அடித்திருப்பார். பதில் வந்துவிட்டதால் வேலை ஆகிவிட்டது என்று நினைத்து அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். உடனே பதில் போட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் பாதியைத்தான் சொல்லித்தந்திருக்கிறார்கள். எதைப் பதிலாகப் போடுவது என்பது மீதிப் பாதி.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

நீங்கள் 'நோட்டட்' என்று எழுதியபோது உங்கள் மனதில் இருந்தது 'மெயிலைப் பார்த்துவிட்டேன்' என்பது. கஸ்டமர் படித்தது 'மாற்றிவிடுகிறோம்' என்பது. ஷிப்பிங் தொழிலில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆபீஸ் முகவரியிலிருந்து போகிற மெயிலில் எழுதியவர் இன்டர்னா, இருபது வருட அனுபவசாலியா என்பது தெரியாது. கம்பெனி ஏற்றுக்கொண்டது என்றுதான் அது பதிவாகும்.

ஒரு கதவு எண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வங்கி பணத்துக்கு உத்தரவாதம் தருகிற எல்.சி. மூலம் பணம் வருகிற சரக்காக இருந்தால் அந்த எண் பெரிய விஷயம்தான். வங்கிகள் எல்.சி.க்குப் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளில் 14வது பிரிவு, சரக்கை வாங்குபவரின் முகவரி பி.எல்.லில் கன்சைனி அல்லது, சரக்கு வந்ததும் தகவல் தர வேண்டிய நோட்டிஃபை பார்ட்டி விவரமாக வரும்போது, எல்.சி.யில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்கிறது. 14க்கும் 41க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டி வங்கி ஆவணத்தைத் திருப்பிவிடலாம், பணம் தள்ளிப்போகலாம். கட்-ஆஃபுக்குப் பிறகு திருத்தினால் கப்பல் கம்பெனியான ஷிப்பிங் லைன் தனிக் கட்டணம் கேட்கும். கப்பலில் உள்ள சரக்குகளின் பட்டியலான மேனிஃபெஸ்ட் ஏற்கெனவே கஸ்டம்ஸில் தாக்கலாகியிருந்தால் அங்கேயும் திருத்த மனு போட வேண்டியிருக்கும். கஸ்டமருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. கோபம் உங்கள் மேல் என்பதைவிட, 'நோட்டட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யவில்லையே என்பதன் மேல்.

இனிமேல் பதில் போடும் முன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலை இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது? மெயில் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதானா? யாரோ ஒருவர் அதைச் செய்ய எடுத்துக்கொண்டுவிட்டாரா? முடிந்தேவிட்டதா? எந்தக் கட்டமோ அதைத்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று 4.37க்கு மெயில் வந்திருந்தது, அவ்வளவுதான். செய்ய வேண்டியவருக்கு விஷயமே தெரியாது. அந்த நேரத்தில் நீங்கள் போட்டிருக்க வேண்டிய பதில் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"உங்கள் மெயில் கிடைத்தது. கன்சைனி கதவு எண் 14க்குப் பதிலாக 41. இதை எங்கள் டாக்குமென்டேஷன் பொறுப்பாளரிடம் சேர்க்கிறேன். லைனின் கட்-ஆஃப் இன்று மாலை 6 மணி. 5.30க்குள் நிலவரத்தை உங்களுக்குத் தெரிவிக்கிறேன்."

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. '5.30க்குள் திருத்திய டிராஃப்ட் அனுப்புகிறேன்' என்று அதில் இல்லை. அந்த வாக்கைக் கொடுக்க இன்டர்னுக்கு அதிகாரம் கிடையாது, லைன் எப்போது திருத்தித் தரும் என்பதும் உங்கள் கையில் இல்லை. ஆனால் 5.30க்கு ஒரு தகவல் சொல்வது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. கொடுக்கக்கூடிய வாக்கை மட்டும் கொடுங்கள். 5.30க்கு ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் 'இன்னும் லைனுக்குப் போகவில்லை, முயன்றுகொண்டிருக்கிறோம்' என்று எழுதுங்கள். எழுதக் கை கூசும்தான். ஆனாலும் அதைப் படிக்கிற கஸ்டமருக்கு அரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது, அவரே மேனேஜருக்கு போன் செய்ய முடியும்.

இரண்டாவது வரியில் எண்ணைத் திரும்ப எழுதியிருப்பதும் காரணத்தோடுதான். 14ஐ 41 ஆக்குவதா, 41ஐ 14 ஆக்குவதா என்ற குழப்பம் அவசரத்தில் வருவது சகஜம். நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொன்னால், தவறு இருந்தால் அவரே அங்கேயே திருத்திவிடுவார். கன்டெய்னர் எண், எடை, தேதி எல்லாவற்றுக்கும் இதே பழக்கம் நல்லது. தேதியை 03/04 என்று எழுதாதீர்கள். நமக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்காவில் இருப்பவருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

'சார்' பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் ஒருமுறை போதும். வரிக்கு ஒரு சார் போட்டால் மரியாதை கூடிவிடாது, பயப்படுகிறாள் என்றுதான் தெரியும். அதைவிட முக்கியம், மெயிலின் அடியில் உள்ள கையெழுத்துப் பகுதியைப் பார்த்துவிட்டு எழுதுவது. 'சார்' என்று நீங்கள் எழுதுகிறவர் பெண்ணாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. அதேபோல், ஆபீஸுக்குள் 'அண்ணா' என்று கூப்பிடுவது நம் ஊர் வழக்கம், தப்பில்லை. கஸ்டமர் இருக்கிற குரூப்பிலும் மெயிலிலும் மட்டும் அவரைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த அண்ணா யார் என்று வெளியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

'அண்ணா, ஒரு டவுட்'

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இந்த மூன்று சொல்தான் என்னைப் பொறுத்தவரை அன்றைய பெரிய தவறு. உங்கள் சீனியர் போர்ட்டுக்குள் இருக்கிறார். கையில் பேப்பர், சுற்றிலும் டிரெய்லர் சத்தம். போன் அதிர்கிறது, எடுத்துப் பார்த்தால் பூட்டிய திரையில் 'அண்ணா, ஒரு டவுட்'. இன்டர்ன் பெண்ணுக்கு எதிலோ சந்தேகம், திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

பூட்டிய திரையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அந்த வரிக்குள் எத்தனை மணிக்குள், என்ன விஷயம், அவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். "அண்ணா, 6 மணி கட்-ஆஃப். பி.எல். கன்சைனி கதவு எண் 14 இல்லை, 41. லைனுக்கு நானே மெயில் போடலாமா?" இதற்கு அவர் 'போடு' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட முடியும். கேள்வியை ஆம், இல்லை என்று முடிக்கக்கூடியதாகக் கேட்பதுதான் நின்றுகொண்டே போன் பார்ப்பவருக்குச் செய்கிற உதவி. 'குட் ஈவினிங் அண்ணா' என்று ஒன்று, 'ஃப்ரீயா இருக்கீங்களா' என்று ஒன்று, பிறகு விஷயம் என்று துண்டு துண்டாக அனுப்புவதும் இதே வியாதிதான். வணக்கத்தையும் விஷயத்தையும் ஒரே மெசேஜில் எழுதுங்கள்.

'டவுட்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் 'சந்தேகம் கேட்பது' என்றால் விளக்கம் கேட்பது. வகுப்பில் அப்படித்தான் பழகினோம். அதையே ஆங்கிலமாக்கி வெளிநாட்டு ஏஜென்டுக்கு 'எனக்கு ஒரு டவுட்' என்று எழுதினால், நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை என்று அவர் படிக்கலாம். கேள்வி என்று எழுதுங்கள். 'ரிவர்ட்' என்பதும் அப்படியே. நம் ஆபீஸ்களில் அது 'பதில் போடுங்கள்', வெளியே 'பழைய நிலைக்குத் திருப்புங்கள்'. திருத்தம் கேட்கிற மெயிலில் அந்தச் சொல் வந்தால் என்ன குழப்பம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நேரக் கணக்கு. 4.35க்கு மெயில் வந்தபோது உங்களிடம் 85 நிமிடம் இருந்தது. 4.40க்கு மெசேஜ் போட்டீர்கள், பிறகு காத்திருந்தீர்கள். எழுத்தில் போட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என்று தோன்றும். மெசேஜ் அனுப்புவது வேறு, அது போய்ச் சேர்வது வேறு. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நிற்கிறது என்றால் அது அவர் போனுக்கே போகவில்லை, சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறார் அல்லது போன் அணைந்திருக்கிறது. இரட்டை டிக் சாம்பல் நிறத்தில் இருந்தால் போனுக்குப் போய்விட்டது, அவர் திறக்கவில்லை. நீலமானாலும் திறந்தார் என்றுதான் அர்த்தம், செய்கிறார் என்று அல்ல. சிலர் நீல டிக் தெரியாதபடி அணைத்தும் வைத்திருப்பார்கள்.

அன்று நடந்திருக்க வேண்டியது: 4.40க்கு மேலே சொன்னபடி மெசேஜ். 4.50க்கு பதில் இல்லையென்றால் போன். எடுக்கவில்லையா, ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. அதற்கும் எடுக்காவிட்டால் 5 மணிக்கு மேனேஜரிடம் நேராகவே போய் நிற்பது. 'அண்ணா எடுக்க மாட்டேங்கிறாரு' என்று ஆரம்பிக்காதீர்கள், அது புகார் மாதிரி ஒலிக்கும். "அவர் போர்ட்டில் இருக்கிறார், போனில் கிடைக்கவில்லை. 6 மணிக்குள் ஒரு பி.எல். திருத்தம் போக வேண்டும். மெயில் தயாராக வைத்திருக்கிறேன், அனுப்பலாமா?" என்று கேளுங்கள். லைனுக்குப் போக வேண்டிய மெயிலை முன்பே எழுதி டிராஃப்டில் வைத்திருந்தால் அவருக்கு அது அரை நிமிட வேலை. மேனேஜரைத் தொந்தரவு செய்வதாகிவிடுமோ என்ற தயக்கம் புரிகிறது. 5 மணிக்குச் செய்கிற தொந்தரவு அரை நிமிடத்தோடு போகும், 7.10க்குப் பிறகு அதற்குக் கட்டணம் உண்டு.

போனில் அனுமதி கிடைத்தால், பிறகு ஒரு வரி எழுத்தில் போட்டுவையுங்கள்: 'போனில் பேசியபடி 5.05க்கு லைனுக்கு அனுப்பிவிட்டேன்.' பேச்சு காற்றோடு போய்விடும், ஆறு மாதம் கழித்து யார் சொன்னது என்று கேள்வி வரும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். அவசரத்துக்குப் போன், சின்ன விஷயத்துக்கு சாட், பதிவு தேவைப்படுகிற எல்லாவற்றுக்கும் மெயில்.

லைனுக்கோ கஸ்டமருக்கோ போகிற மெயிலின் தலைப்பு தேடினால் கிடைக்கிற மாதிரி இருக்கட்டும். 'அர்ஜென்ட்' என்று மட்டும் தலைப்பு வைத்த மெயில்கள் ஒவ்வொரு டெஸ்க்கிலும் நூறு கிடக்கும். உதாரணத்துக்கு இப்படி:

```
BL correction - consignee door no. - BL no. - cut-off 18:00 today
```

'BL no.' என்ற இடத்தில் அந்த பி.எல். எண்ணைப் போடுங்கள். வந்த மெயிலுக்குப் பதில் போடும்போது மட்டும் தலைப்பை மாற்றாதீர்கள். ஜிமெயிலில் தலைப்பு மாறினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும், பழைய தொடர்ச்சி கிடைக்காது.

இரவு 11.40, பிறகு அழித்தது

வாட்ஸ்அப்பில் எல்லாருக்குமாக அழித்தாலும் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்ற வரி அங்கேயே நிற்கும். அதற்கு முன் நோட்டிஃபிகேஷனில் படித்தவர் படித்ததுதான். நீங்கள் வெட்கத்தில் அழித்தீர்கள், பார்க்கிறவருக்கோ எதையோ மறைக்கிறாள் என்று தோன்றலாம். யாரெல்லாம் படித்தார்கள் என்பதை, அந்த மெசேஜ் இருந்தபோதே அழுத்திப் பிடித்து `Info` பகுதியில் பார்த்திருக்கலாம். இப்போது அதுவும் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்டது தவறில்லை, அதைக் கேட்ட இடம்தான் தவறு. திருத்தக் கட்டணத்தை யார் ஏற்பது என்பது இனிமேல்தான் உங்கள் ஆபீஸும் கஸ்டமரும் பேச வேண்டிய விஷயம். அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே 'முழுத் தவறும் என்னுடையது' என்று இன்டர்ன் ஒருவர் கஸ்டமர் முன்னால் எழுதிக் கொடுத்தால், மேனேஜருக்குப் பேச இடமில்லாமல் போகிறது. கஸ்டமருக்குச் சொல்ல வேண்டியதை அவரோ உங்கள் சீனியரோ சொல்லட்டும். அந்தக் கோபமான மெயிலுக்கு `Reply All` அழுத்தி நீங்களாக எதுவும் எழுதாதீர்கள். எழுதச் சொன்னாலும் அனுப்பும் முன் `To`, `Cc` இரண்டையும் பெயர் பெயராகப் பாருங்கள், கீழே தொங்குகிற பழைய மெயில்களையும் இறக்கிப் பாருங்கள். ஃபார்வர்டிங் தொழிலில் லைன் உங்களுக்குக் கொடுத்த விலையும், நீங்கள் கஸ்டமருக்குச் சொன்ன விலையும் வேறு வேறு. லைனோடு பேசிய தொடரை அப்படியே கஸ்டமருக்குத் தள்ளிவிட்டால் உங்கள் லாபம் எவ்வளவு என்று அவர் கணக்குப் போட்டுவிடுவார். அதை எந்த மன்னிப்பாலும் திரும்ப வாங்க முடியாது.

திரும்பப் பெறும் பொத்தான்களை நம்பி அனுப்புவது இன்னொரு தப்புக் கணக்கு. அவுட்லுக்கில் உள்ள `Recall` ஒரே நிறுவனத்துக்குள் போன மெயிலுக்குத்தான், வெளியே போனதைத் திருப்பாது. ஜிமெயிலின் `Undo Send` அதிகபட்சம் 30 விநாடி. அமைப்பில் 5 விநாடி என்று இருக்கும், இன்றே போய் 30 ஆக்குங்கள். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம் வரை மெசேஜைத் திருத்தலாம், திருத்தியது என்ற குறிப்பு கூடவே வரும். இவற்றைவிட உருப்படியான வழி, மெயிலை எழுதி முடிக்கும் வரை `To` கட்டத்தைக் காலியாக விடுவது. முகவரி இல்லாத மெயில் கை தவறினாலும் போகாது.

'கால் மீ.' என்பதன் புள்ளியில் கோபத்தைத் தேட வேண்டாம். மெயில் எழுதிப் பழகியவர்கள் பலர் சாட்டிலும் வாக்கியத்துக்குப் புள்ளி வைப்பார்கள். நீங்கள் அழைத்தது சரி.

திங்கட்கிழமைக்கு

பேச்சுக்கு முன் மேனேஜருக்கு மட்டும் ஒரு மெயில் போய்ச் சேரட்டும். ஞாயிறு பகலில் எழுதி, `Schedule send` வைத்து திங்கள் காலை ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு அனுப்புங்கள். இரவில் எழுதினால் இரவின் பயமும் சேர்ந்து போகும். நேரங்களோடு நடந்ததைச் சொல்லுங்கள், பெயரடைகளை விட்டுவிடுங்கள்:

"வியாழன் 4.35க்குத் திருத்தம் கேட்டு மெயில் வந்தது. 4.37க்கு 'நோட்டட்' என்று பதில் அனுப்பினேன். பொறுப்பாளருக்கு 4.40க்கு மெசேஜ் போட்டேன், ஆனால் அதில் விஷயத்தையோ கட்-ஆஃபையோ எழுதவில்லை, போனிலும் அழைக்கவில்லை. அதனால் 6 மணிக்குள் லைனுக்குப் போகவில்லை. வெள்ளி இரவு கஸ்டமர் உள்ள குரூப்பில் மன்னிப்பு எழுதி, காலையில் அழித்தேன். கஸ்டமருக்கு நான் வேறு எதுவும் எழுதவில்லை. இனி கட்-ஆஃப் உள்ள மெயிலுக்குப் பத்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் போனில் அழைப்பேன், அடுத்து உங்களிடம் வருவேன். இது சரியா என்று சொல்லுங்கள். தவறுக்கு வருந்துகிறேன்."

வருத்தம் கடைசியில், ஒருமுறை. அழித்த மெசேஜை நீங்களே சொல்லிவிடுவது அவசியம், மற்றவர் வாயிலாக அவருக்குத் தெரியவந்தால் கதை வேறாகிவிடும். சீனியர் தாமதமாகப் பார்த்ததைக் காரணமாக எழுதவில்லை, கவனித்தீர்களா? அவர் ஏன் பார்க்கவில்லை என்பது அந்த 4.40 மெசேஜைப் படித்தாலே மேனேஜருக்குப் புரிந்துவிடும். சீனியரிடமும் இந்த மெயில் போவதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். ஒரே டெஸ்க்கில் இன்னும் நாலு மாதத்துக்கு மேல் உட்காரப் போகிறீர்கள்.

ஞாயிறும் இரவும்

துறைமுகம் ஞாயிறு பார்க்காது. கப்பல் சனிக்கிழமை இரவு வந்தாலும் வேலை ஓடும், அதனால் குரூப்பில் மெசேஜ் வருவது இந்தத் தொழிலின் இயல்பு. எல்லாமே உங்களுக்கு வருவதல்ல. குரூப்பில் பதில் போட வேண்டியது யாரைப் பெயர் சொல்லிக் கேட்டார்களோ அவர், அல்லது அன்று டியூட்டியில் இருப்பவர். மற்ற பதினைந்து பேரும் 'ஓகே சார்' போட்டால் நடுவில் இருந்த கன்டெய்னர் எண் மேலே ஓடிவிடும். உங்கள் இன்டர்ன்ஷிப் கடிதத்தில் வேலை நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திங்கட்கிழமைப் பேச்சு நல்லபடி முடிந்தால், 'விடுமுறை நாளில் எந்த மாதிரி மெசேஜுக்கு நான் பதில் சொல்ல வேண்டும், டியூட்டியில் யார் என்று எங்கே பார்ப்பது' என்று கேட்டுவிடுங்கள். அதற்கு அவர் சொல்கிற பதில்தான் உங்கள் ஆபீஸின் விதி. உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டு, உங்களால் இப்போது முடியாது என்றால், 'திங்கள் காலை 10 மணிக்குப் பார்த்துச் சொல்கிறேன்' என்ற ஒரு வரி போதும்.

இரவு பத்துக்கு மேல் வருகிற 'தூங்கலையா'வை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஆபீஸ் மெசேஜ் அல்ல, அதற்குப் பதில் போடாதது திமிரும் அல்ல. இதுவரை பதில் போட்டதால் இனியும் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளை முதல் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றினால், பகல் நேரத்தில் ஒருமுறை, 'வேலை விஷயம் மட்டும் ஆபீஸ் நேரத்தில் அனுப்புங்கள்' என்று சிரிப்பு எமோஜி இல்லாமல் எழுதுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, பேச்சு வேறு பக்கம் திரும்பினாலோ, எதையும் அழிக்காமல் தேதி நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் பயிற்சியில் இருப்பவர்களும் அடக்கம், சம்பளம் வாங்குகிறார்களா இல்லையா என்பது பொருட்டல்ல. இன்டர்ன் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். புகார் எழுத்தில் இருக்க வேண்டும், நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள். தொடர்ந்து நடந்தது என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. நீங்கள் எழுதியிருக்கிற இரண்டு மெசேஜை மட்டும் வைத்து அந்த அளவுக்குப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற அறிவிப்பை ஆபீஸில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை உள்ளே போகும்போது அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.